எல்லை தாண்டாத பரிசு அட்டைகள்

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழ்வோர் தாயகத்திலுள்ள உறவினருக்கு அன்பளிப்பு அனுப்பும் வழிமுறைகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. காசுக்கட்டளை இருந்தது, வங்கி வரைவோலை இருந்தது, உண்டியல் இருந்தது, ஊருக்குப் போகும் எவரிடமாவது கொடுத்தனுப்பும் கடித உறையும் இருந்தது. அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்திருப்பது பரிசு அட்டை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ உள்ள எந்தப் பல்பொருள் அங்காடியிலும் பணம் செலுத்தும் இடத்திற்கு அருகில் இவை கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. பணத்தைக் கொடுத்து வாங்கி, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, உள்ளே இருக்கும் எழுத்துகளையும் இலக்கங்களையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் மறு நொடியில் அது யாழ்ப்பாணத்தில் இருக்கும். தபாற்செலவும் இல்லை, தரகுக் கூலியும் இல்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் உள்ளவர் அக்குறியீட்டைத் தன் கணக்கில் பதியும்போது, இதனை உங்கள் நாட்டில் பயன்படுத்த முடியாது என்ற அறிவிப்புத் திரையில் வந்து நிற்கும்.

இது அரிதாக நிகழும் ஒன்றல்ல. கடந்த சில ஆண்டுகளில் இதனைப் பற்றி என்னிடம் முறையிட்டவர்கள் பலர். அவர்களிற் பெரும்பாலானோர் தாம் ஏமாற்றப்பட்டுவிட்டதாகவே கருதினர். உண்மையில் எவரும் ஏமாற்றவில்லை என்பதே இவ்விடயத்தில் உள்ள வேடிக்கை. நிறுவனம் தனது விதிப்படியே நடந்திருக்கிறது. அந்த விதி அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டும் இருக்கிறது. ஆனால் வாங்கும் வேளையில் எவருடைய கண்ணிலும் படாத அளவு எழுத்தில் அது இருக்கிறது. எனது குறை அந்த விதி உண்டு என்பது பற்றியதல்ல. அதனால் வரும் நட்டத்தை யார் சுமக்க வேண்டும் என்பது பற்றியதே.

எனக்கு நன்கு தெரிந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொக்குவிலில் இருக்கும் எனது தங்கையின் மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள். ஸ்காபரோவில் வாழும் எனது தம்பி, அதாவது அவளது சின்னமாமா, 50 கனடிய டொலர் பெறுமதியான பரிசு அட்டையொன்றை வாங்கி அதன் குறியீட்டை அனுப்பியிருந்தார். அவள் சித்திரம் வரைவதில் ஆர்வமுள்ளவள். வரைவதற்கான செயலி ஒன்றை வாங்குவது அவளது எண்ணம். குறியீட்டைப் பதிந்ததும் மேலே சொன்ன அறிவிப்பு வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கு முக்கியமல்ல. இவ்வகை அட்டைகளை விற்கும் பெரிய நிறுவனங்களிற் பல இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன.

தம்பிக்குக் கோபம். "நான் காசு குடுத்துத்தானே வாங்கினனான். பிறகென்ன கனடா, சிலோன் எண்டு பார்க்கிறாங்கள்?" என்று தொலைபேசியில் கேட்டார். கடைக்காரர் அட்டையைச் சரியாகப் பதியவில்லை என்பது அவரது முதற் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் பொதுவாக நியாயமானதுதான். கடையில் தொங்கும் அட்டைக்கு எந்தப் பெறுமதியும் கிடையாது. அதனால்தான் அவற்றைப் பூட்டி வைக்காமல் வெளியே தொங்கவிடுகிறார்கள். காசாளர் அதனைத் தனது கருவியில் வருடி, பணம் செலுத்தப்பட்ட பின்னர்தான் அந்தக் குறியீட்டுக்கு உயிர் வருகிறது. சில வேளைகளில் அந்த உயிரூட்டும் செய்தி நிறுவனத்தின் கணினியைச் சென்றடையாமல் தடைப்படுவதுண்டு. வேறு சில வேளைகளில், திருடர்கள் கடையில் தொங்கும் அட்டைகளின் பூச்சைச் சுரண்டிக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, மீண்டும் அதேபோன்ற பூச்சை ஒட்டி வைத்துவிடுவார்கள். யாரேனும் அதனை வாங்கி உயிரூட்டியதும் பணம் அவர்களுக்குப் போய்விடும்.

ஆகவே மறுக்கப்பட்ட அட்டை கையில் இருக்கும்போது முதலில் செய்யவேண்டியது, திரையில் வந்த வாசகத்தை நிதானமாகப் படிப்பதாகும். பலர் அதனைப் படிப்பதில்லை. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு மறுப்பும் வெவ்வேறு செய்தியைத் தருகிறது. குறியீடு செல்லுபடியாகாது என்று வந்தால், ஓர் எழுத்தைத் தவறாக வாசித்திருக்கலாம் (8 ஐயும் B ஐயும் மாற்றி வாசிப்பது வழமை). உயிரூட்டப்படவில்லை என்று வந்தால், பற்றுச்சீட்டுடன் வாங்கிய கடைக்குப் போகவேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று வந்தால் அதுவே மோசமான செய்தி. முதலில் உங்களுடைய வேறொரு கணக்கில் அது பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் உடனடியாக நிறுவனத்திடம் முறையிட வேண்டும்.

இந்த நாட்டில் பயன்படுத்த முடியாது என்று வந்தாலோ, அது உண்மையில் நல்ல செய்தியாகும். கணினி அந்த அட்டையை அடையாளம் கண்டிருக்கிறது, அது எந்த நாட்டுக் கடைக்கு உரியது என்பதையும் கண்டிருக்கிறது, நீங்கள் நிற்பது அந்தக் கடையில் அல்ல என்று மட்டுமே சொல்கிறது. மறுக்கப்பட்டதனால் குறியீடு செலவாகிவிடுவதில்லை. பணம் அட்டையிலேயே இருக்கிறது. தங்கையின் வீட்டில் இதனை நம்பவைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அதற்குள் அயலிலுள்ள ஒரு தம்பி வந்து, கணக்கின் நாட்டைக் கனடா என்று மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலோசனை சொல்லியிருந்தார். இவ்வாலோசனை எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. முயன்று பார்த்தார்கள். கனடாவிலுள்ள முகவரி ஒன்றையும், கனடாவில் வழங்கப்பட்ட கட்டண அட்டை ஒன்றையும் அது கேட்டது. சின்னமாமாவின் முகவரியையும் அவருடைய கடனட்டை இலக்கத்தையும் கொடுத்தால் என்ன என்பது அடுத்த யோசனை. அந்த இடத்தில்தான் நான் தடுத்தேன்.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, பிரதான நிறுவனங்கள் பகிரங்கமாக அறிவித்துள்ள விதிகளைப் பார்த்தாலே போதும். கூகிள் பிளே கடையில் ஒருவர் தமது நாட்டை ஆண்டுக்கு ஒரு தடவை மாத்திரமே மாற்ற முடியும். மாற்றுவதற்கு அந்த நாட்டில் இருக்கவும், அந்த நாட்டின் கட்டண முறையொன்றை வைத்திருக்கவும் வேண்டும். பழைய நாட்டில் இருந்த மீதிப் பணம் புதிய நாட்டுக்கு வராது. 50 டொலருக்காக மாற்றியவர் ஓராண்டுக்கு அங்கேயே நிற்க வேண்டியதுதான். அப்பிள் நிறுவனமோ, நாட்டை மாற்றுவதற்கு முன்னர் கணக்கிலுள்ள மீதியைச் செலவழித்து முடிக்கும்படியும், நடப்பிலுள்ள சந்தாக்களை நிறுத்தும்படியும் கேட்கிறது. கணக்கில் ஒரு டொலருக்கும் குறைவான சில்லறை மீதி இருந்தாலும் அதுவே தடையாகிவிடும். அத்தொகைக்கு வாங்கக்கூடிய பொருள் எதுவும் அநேகமாக இருக்காது. இவற்றையெல்லாம் தாண்டி, வேறொருவரின் முகவரியில் கணக்கை வைத்திருப்பது விதிமீறல் எனக் கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கே முடக்கப்படலாம். அக்கணக்கில் அந்தப் பிள்ளையின் நான்கு வருடப் படங்களும் இருந்தன.

கடைசியில் நடந்தது மிக எளிமையானது. அதே குறியீட்டைத் தம்பியின் மனைவி தனது கனடியக் கணக்கில் பதிந்தார். எவ்விதத் தடையும் இல்லாமல் 50 டொலரும் வந்து சேர்ந்தது. அதற்கு ஈடான தொகையைத் தம்பி வங்கி மூலம் தங்கைக்கு அனுப்பிவைத்தார். இந்தக் குடும்பத்தில் அப்படியொருவர் இருந்தார், தப்பினார்கள். அந்த நிறுவனத்தின் சாதனம் எதுவும் வீட்டில் இல்லாதவர்கள் ரொறன்ரோவில் நிறையப்பேர் உண்டு.

இனி, நிறுவனங்கள் ஏன் இவ்வாறு செய்கின்றன என்ற வினாவுக்கு வருவோம். இதனை வெறும் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் காரணத்தை அறியாமல் கண்டிப்பது பத்திரிகைத் தொழிலுக்கு ஒத்துவராது.

எமது இளமைக்காலத்தில் பன்னாட்டு மறுமொழிக் கூப்பன் என்ற ஒரு சிறு தாள் இருந்தது. பேனா நண்பர்களும் முத்திரை சேர்ப்போரும் அதனை நன்கு அறிவார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கடிதம் எழுதும்போது, பதில் எழுதுவதற்கான தபாற்செலவை நாமே கொடுக்க விரும்பினால் என்ன செய்வது? எமது முத்திரை அவருடைய நாட்டில் செல்லாது. எனவே 1906 ஆம் ஆண்டு ரோமில் கூடிய உலகத் தபால் ஒன்றிய மாநாட்டில் இக்கூப்பன் உருவாக்கப்பட்டது. ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டின் தபாற்கந்தோரில் கொடுத்தால், பதிற் கடிதத்துக்குத் தேவையான முத்திரைகளைத் தருவார்கள். எல்லையைத் தாண்டுவதற்காகவே உருவாக்கப்பட்ட பரிசு அட்டை என்று அதனைச் சொல்லலாம்.

ஆனால் அதன் கதையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதலாம் உலகப் போரின் பின்னர் இத்தாலியின் நாணயம் வீழ்ச்சியடைந்தது. அங்கு கூப்பன் மலிவாகக் கிடைத்தது. அதே கூப்பனுக்கு அமெரிக்காவில் கிடைக்கும் முத்திரையின் பெறுமதியோ டொலர்க் கணக்கில் கூடுதலாக இருந்தது. மலிவான இடத்தில் வாங்கி விலையுயர்ந்த இடத்தில் மாற்றினால் இலாபம். இந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் 1920 இல் பொஸ்டன் நகரில் சார்ல்ஸ் பொன்சி என்பவர், 45 நாட்களில் 50 சதவீத இலாபம் தருவதாகக் கூறி மக்களிடம் பணம் திரட்டினார். சொல்லிய அளவுக்குக் கூப்பன் வியாபாரம் அங்கு நடக்கவேயில்லை. பின்னால் வந்தவர்களின் பணத்தை முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே அது குலைந்தது. இன்றுவரை அவ்வகை மோசடிக்கு அவருடைய பெயரே வழங்குகிறது.

இன்றைய நிறுவனங்கள் அஞ்சுவது அந்த விலை வித்தியாசத்தைத்தான். ஒரே விளையாட்டு, ஒரே செயலி, ஒரே சந்தா நாட்டுக்கு நாடு வேறு விலையில் விற்கப்படுகிறது. மக்களின் வருமானத்துக்கு ஏற்றபடி விலையைக் குறைத்து வைப்பது ஏழை நாடுகளுக்கு நன்மையே. ஆனால் மலிவான நாட்டு அட்டை எல்லா இடத்திலும் செல்லுமானால், விலை கூடிய நாட்டில் இருப்போரும் மலிவான கடையிலேயே வாங்குவார்கள். விரைவில் மலிவான விலை என்ற ஒன்றே இல்லாமற்போகும். இதனுடன் வரியும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் விற்பனை வரி வேறு விகிதத்தில் வசூலிக்கப்படுகிறது. பாடல்களுக்கும் திரைப்படங்களுக்கும் விற்பனை உரிமை நாடு நாடாகவே வழங்கப்படுகிறது. இவையெல்லாம் உண்மையான காரணங்கள்.

ஆனால் இந்தக் காரணங்கள் எம்முடைய சம்பவத்துக்குப் பொருந்துகின்றனவா? கனடாவில் கனடிய விலைக்கு வாங்கிய அட்டை இலங்கைக்கு வருகிறது. பணம் செல்வந்த நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குப் பாய்கிறது. இதில் எவர் மலிவைத் தேடி ஓடினார்? இன்னொரு விசித்திரத்தையும் பாருங்கள். இலங்கைக்கான அப்பிள் கடையில் விலைகள் அமெரிக்க டொலரிலேயே குறிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் வாங்கிய அட்டையின் பெறுமதியும் அமெரிக்க டொலரில்தான் இருக்கிறது. நாணயமாற்று என்ற சிக்கலே இல்லை. ஆயினும் அந்த அட்டை இலங்கைக் கணக்கில் ஏறாது. வேலி போடப்பட்டது ஒரு திசையில் வரும் ஆட்டுக்காக. ஆனால் அது இரு திசையிலும் மறிக்கிறது.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. அமேசன் நிறுவனத்தின் அட்டைகள் கணக்கு வைத்திருப்பவரின் நாட்டோடு அல்லாமல், இணையக் கடையோடு கட்டப்பட்டவை. amazon.com இல் வாங்கிய அட்டை அந்தக் கடையில் மட்டும் செல்லும், amazon.ca இல் வாங்கியது அங்கு மட்டும். இலங்கைக்கெனத் தனியான அமேசன் கடை கிடையாது. எனவே இங்குள்ளவர்கள் வழக்கமாக amazon.com கடையிலேயே கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்க அட்டை பயன்படும். கனடிய அட்டையால் அந்தக் கடையில் எதுவும் வாங்க முடியாது. ஸ்காபரோவில் உள்ளவர் தமது ஊர்க் கடையில் வாங்குவதோ கனடிய அட்டையைத்தான்.

எல்லை வைத்து மறுப்பது சட்டத்துக்கு முன்னால் எப்போதும் தப்பிவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கும், ஐந்து விளையாட்டு வெளியீட்டு நிறுவனங்களுக்கும் ஐரோப்பிய ஆணைக்குழு 2021 ஜனவரியில் மொத்தமாக 78 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. போலந்து, செக், ஹங்கேரி போன்ற நாடுகளில் மலிவாக விற்கப்பட்ட விளையாட்டுகளின் திறவுக் குறியீடுகள் மற்றைய ஐரோப்பிய நாடுகளில் செயற்படாதபடி தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியீட்டு நிறுவனங்கள் ஐந்தும் ஆணைக்குழுவுடன் ஒத்துழைத்துத் தண்டத்தைக் குறைத்துக்கொண்டன. வால்வ் மட்டும் வழக்காடியது. 2023 செப்டெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதன் மனுவைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை என்ற வாதம் எடுபடவில்லை.

எமது வாசகர்களில் சிலர் இதைக் கேட்டு மகிழக்கூடும். ஆனால் இந்தத் தீர்ப்பு ஐரோப்பியச் சந்தைக்குள் எழுந்த வேலிகளைப் பற்றியது. ஒரே சந்தை என்று உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகளுக்கு இடையில் வேலி போட்டதுதான் தவறாகக் காணப்பட்டது. ரொறன்ரோவுக்கும் கொக்குவிலுக்கும் இடையில் அத்தகைய உடன்படிக்கை எதுவும் இல்லை.

காலாவதி விடயத்தில் நிலைமை வேறு. அங்கு சட்டங்கள் வேகமாக வந்திருக்கின்றன. ஒன்ராறியோ மாகாணத்தில் 2007 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பரிசு அட்டைகளுக்குக் காலாவதித் திகதி வைப்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் 2009 இல் நிறைவேறி 2010 ஓகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அட்டையிலுள்ள பணம் குறைந்தது ஐந்து ஆண்டுகள் செல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் 2019 நவம்பரிலிருந்து மூன்று ஆண்டுகள். அயர்லாந்தில் அதே ஆண்டில் வந்த சட்டப்படி ஐந்து ஆண்டுகள். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகள் ஆகக் குறைந்தது ஓராண்டைக் கோருகின்றன.

இச்சட்டங்களைப் பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. இவை காசு கொடுத்து வாங்கிய அட்டைகளைப் பற்றியவை. இலவசமாகக் கிடைக்கும் சலுகைக் குறியீடுகளை அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. நத்தார் காலத்தில் 100 டொலர் அட்டை வாங்கினால் 20 டொலர் அட்டை இலவசம் என்று விற்பார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 100 டொலர் அட்டைக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பு உண்டு. 20 டொலர் அட்டையோ ஜனவரி முடிவில் செத்துவிடலாம், அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. இலவசமாக வந்ததன் காலாவதித் திகதி அட்டையின் முன்புறத்திலேயே இருக்கவேண்டும் என்பதே அங்குள்ள நிபந்தனை. புதிய வாடிக்கையாளருக்கு மட்டும், இவ்வளவு தொகைக்கு மேல் வாங்கினால் மட்டும் என்று வரும் மறுப்புகளும் இந்தச் சலுகைக் குறியீடுகளுக்கே உரியவை. அவற்றுக்காக நான் பெரிதும் கவலைப்படவில்லை. கொடுக்காத காசுக்குக் கோபம் எதற்கு?

கவனிக்கவேண்டியது வேறொன்று. இலவச அட்டையின் திகதியைக்கூட முன்புறத்தில் அச்சிடும்படி ஒரு நாட்டின் சட்டம் கேட்கிறது. முழு விலை கொடுத்து வாங்கிய அட்டை இந்த நாட்டுக்கு வெளியே செல்லாது என்ற செய்தி மட்டும் பின்புறத்துச் சிறு எழுத்தில் இருந்தால் போதுமானதாகக் கருதப்படுகிறது. ஏன் இப்படி?

என்னுடைய அபிப்பிராயம் இதுதான். காலாவதியாகிப்போன அட்டையை வைத்திருப்பவர் ஒன்ராறியோவின் வாக்காளர். அவர் தமது மாகாண உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவார். அவ்வாறு பலர் எழுதினால் சட்டம் வரும். எல்லையால் மறுக்கப்பட்ட அட்டையிலோ காசு கொடுத்தவர் ஒரு நாட்டில், மறுப்பைச் சந்தித்தவர் இன்னொரு நாட்டில். கனடாவில் உள்ளவருக்குச் சட்டத்தின் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. அவர் வாங்கிய அட்டை கனடாவில் நன்றாகவே செல்கிறது. கொக்குவிலில் உள்ளவர் எதையும் வாங்கவில்லை; ஆகவே இலங்கையின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போவதற்கு அவரிடம் பற்றுச்சீட்டும் இல்லை, அவருக்கு விற்றவரும் இல்லை. முறைப்பாடு நடுக்கடலில் நிற்கிறது. புலம்பெயர்ந்த சமூகங்களுக்கே உரிய துன்பம் இது. எம்மவருக்கு மட்டுமல்ல, பிலிப்பைன்ஸ்காரருக்கும் சோமாலியருக்கும் இதே கதைதான்.

எனவே இரண்டு விடயங்களை நான் நியாயமான கோரிக்கைகளாகக் கருதுகிறேன். முதலாவது, நாட்டின் பெயர் அட்டையின் முன்புறத்தில், பெறுமதிக்கு அருகில், அதே அளவு எழுத்தில் இருக்கவேண்டும். இணையத்தில் விற்கும்போது, பெறுபவரின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும் அதே பக்கத்தில், அவரது கணக்கு எந்த நாட்டுக்குரியது என்றும் கேட்கலாம். இரண்டாவது, எல்லைக் காரணத்தால் மறுக்கப்பட்டதும், இதுவரை பயன்படுத்தப்படாததுமான அட்டையின் பணம் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும்.

இரண்டாவது கோரிக்கைக்கு நிறுவனங்கள் எதிர்ப்புச் சொல்லும் என்பதை அறிவேன். அவர்களுடைய வாதமும் பலவீனமானதல்ல. மோசடிக்காரர்களின் விருப்பமான நாணயமாகப் பரிசு அட்டை மாறியிருக்கிறது. வருமான வரித் திணைக்களத்திலிருந்து பேசுகிறோம், பொலிஸிலிருந்து பேசுகிறோம் என்று முதியவர்களை மிரட்டி, அட்டை வாங்கி அதன் இலக்கத்தைச் சொல்லும்படி கேட்பவர்கள் இருக்கிறார்கள். களவெடுத்த கடனட்டையால் பரிசு அட்டை வாங்குவோரும் உண்டு. அட்டையைப் பணமாக மாற்ற முடியும் என்று திறந்துவிட்டால் அதுவே அவர்களுக்கு வாசலாகிவிடும் என்பது வாதம். நாட்டு வேலியும், ஒரு கணக்கில் சந்தேகத்துக்குரிய விதமாகப் பல அட்டைகள் பதியப்படும்போது கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதும், பற்றுச்சீட்டின் படத்தைக் கேட்பதும் இந்த அச்சத்தோடு தொடர்புடைய தடுப்புகளே.

ஆனால் பணத்தை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பதில்தான் விடை இருக்கிறது. அட்டையை வைத்திருப்பவருக்குக் கையில் காசாகக் கொடுக்கும்படி எவரும் கேட்கவில்லை. எந்தக் கடனட்டையிலிருந்து பணம் போனதோ அதே கடனட்டைக்குத் திரும்பிப் போகட்டும். களவெடுத்த அட்டையாக இருந்தாலும் அப்போது பணம் அதன் உரிமையாளரிடமே சேரும்; திருடனுக்கு ஆதாயம் இல்லை. குறியீடு இன்னும் செலவாகவில்லை என்பதை நிறுவனத்தின் கணினி அறியும். எந்த நாட்டுக் கணக்கில் அது மறுக்கப்பட்டது என்பதையும் அறியும். கடைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்குவழக்கு சிக்கலானது என்பார்கள். இருக்கலாம். ஆனால் உயிரூட்டும் செய்தி கடையிலிருந்து நிறுவனத்துக்கு ஒரு நொடியில் போகும்போது, உயிரை எடுக்கும் செய்தி மட்டும் ஏன் போகமுடியாது?

கணக்கியல் துறையில் உள்ள ஒரு நடைமுறையையும் இங்கு குறிப்பிடவேண்டும். விற்ற அட்டைகளில் ஒரு பகுதி ஒருபோதும் பயன்படுத்தப்படாது என்பதை நிறுவனங்கள் அனுபவத்தால் அறிந்திருக்கின்றன. 2018 இலிருந்து நடைமுறையிலுள்ள பன்னாட்டு நிதி அறிக்கையிடல் நியமம் 15 இன்படி, அவ்வாறு கோரப்படாமற்போகும் என எதிர்பார்க்கும் தொகையைக் கணித்து, படிப்படியாக வருமானமாகக் காட்ட முடியும். இதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. ஆனால் மறுக்கப்பட்டு, மேசை லாச்சிக்குள் போடப்பட்டு, மறக்கப்பட்ட ஒவ்வோர் அட்டையும் கடைசியில் எந்தப் பக்கத்தில் வரவு வைக்கப்படுகிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். திருத்துவதற்கு அவசரம் காட்டாததன் காரணமும் ஓரளவு விளங்கும்.

சட்டங்கள் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மறுக்கப்பட்ட குறியீட்டை இணையத்தில் விலைக்கு வாங்குவதாகச் சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். குறியீட்டின் படத்தை அனுப்பிய கணத்திலேயே பணம் அவர்களுடையதாகிவிடும். உங்களுக்கு வரவேண்டியது வராவிட்டால் முறையிட இடமில்லை. அட்டையையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். அதே நாட்டில் அதே கடைக் கணக்கு வைத்திருக்கும் எவரேனும் அதனைப் பதிந்துகொள்ளலாம். இதுவே நான் கண்டவரையில் நட்டமில்லாமல் முடிந்த ஒரே வழி.

இன்னும் வாங்காதவர்கள், வாங்குவதற்கு முன்னர் ஊரில் உள்ளவரிடம் ஒரு நிமிட வேலை சொல்லலாம். ஐபோன் வைத்திருப்பவர் Settings இல் தமது பெயரைத் தொட்டு, Media & Purchases, View Account என்று போனால் Country/Region என்ற வரி தெரியும். அன்ட்ரொய்ட் கைபேசி என்றால் Play Store செயலியில் தமது படத்தைத் தொட்டு, Settings, General, Account and device preferences என்று போகவேண்டும். அங்கே Sri Lanka என்று இருந்தால், கனடியக் கடையில் தொங்கும் அட்டையை அங்கேயே தொங்கவிட்டுவிட்டு வங்கிக்குப் போகலாம்.